899 ரூபாய்க்கு மிக்சி: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டிய மூன்று பதிவேடுகள்

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் நாலாயிரம் ரூபாய்க்கு விற்கும் 750 வாட் மிக்சி, ஷோரூமை மூடுவதால் வெறும் 899 ரூபாய். விளம்பரத்தைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு தளம் திறக்கிறது. தெரிந்த பிராண்டின் சின்னம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் இருக்கின்றன. "கோயம்புத்தூரில் 1998 முதல்" என்று ஒரு வரி. பக்கத்தின் அடியில் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும். மேலே ஒரு கடிகாரம், சலுகை முடிய இன்னும் பதினோரு நிமிடம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் எழுதியவர் விற்பவர்தான். சின்னத்தை உண்மையான தளத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம், விமர்சனங்களைத் தானே தட்டச்சு செய்துவிடலாம். அந்தக் கடிகாரம் பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆகவே தளம் அழகாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. விலையும் தனியாக எதையும் நிரூபிக்காது. பழைய மாடலைத் தள்ளிவிட நேர்மையான கடைக்காரர்களும் பாதி விலைக்கு விற்பதுண்டு. தேட வேண்டியது, அந்தக் கடையைப் பற்றி வேறு யாரோ எழுதி வைத்திருக்கும் பதிவை. விற்பவர் கை வைக்க முடியாத மூன்று பதிவேடுகள் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன: இணைய முகவரிப் பதிவேடு, வரிப் பதிவேடு, வங்கிக் கணக்கின் பெயர்.

முதலில் முகவரி. நம் கடையின் முகவரி இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

```
https://brand.com.deepavali-sale.example/mixer
```

கண் இடமிருந்து வலமாகப் படிப்பதால் முதலில் brand.com என்பதுதான் படும். மோசடிக்காரர் நம்புவதும் அதைத்தான். ஆனால் இணையம் இந்தப் பெயரை வலமிருந்து இடமாகத்தான் படிக்கிறது. https:// என்பதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள கடைசித் துண்டு .example. அதற்கு முந்தைய துண்டு deepavali-sale. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காசு கொடுத்துப் பதிவு செய்யப்பட்ட பெயர். அதற்கு இடப்பக்கம் இருக்கும் எதையும் அந்தப் பெயரின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. .co.in போல இரட்டையாக முடியும் முகவரிகளில் மட்டும் கடைசி மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முகவரிக்கு முன்னால் வரும், பலரை ஏமாற்றும் பூட்டுச் சின்னத்தையும் இங்கேயே பேசிவிடலாம். உங்கள் கைபேசிக்கும் deepavali-sale.example என்ற தளத்துக்கும் இடையே போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அந்தத் தளம் யாருடையது, நல்லவரா என்பது அதன் வேலையே அல்ல. இந்தப் பூட்டைக் காட்டத் தேவையான சான்றிதழ் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது, மனிதர் யாரும் சரிபார்க்காமல் கணினியே சில நிமிடங்களில் தந்துவிடும். போலித் தளங்களிலும் பூட்டு சாதாரணமாகிவிட்டதால், 2023 செப்டம்பரில் குரோம் உலாவி அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது.

இனி பதிவேடு. lookup.icann.org என்ற தளத்தில் deepavali-sale பகுதியையும் முடிவையும் மட்டும் இட்டுத் தேட வேண்டும். .in என்று முடியும் பெயர்களுக்கு registry.in தளத்தில் இதே வசதி உண்டு. வரும் பதிலில் உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். தனியுரிமைக்காக நல்ல கடைகளும் அப்படித்தான் வைத்திருக்கின்றன, அதனால் அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது Created அல்லது Creation Date என்ற ஒரே வரி. இந்தப் பெயர் பதிவான நாளை அதில் பதிவகம் எழுதி வைத்திருக்கிறது. நம் உதாரணக் கடையில் அது மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி என்றால், "1998 முதல்" என்ற வரியோடு சேர்த்துப் படியுங்கள். புதிதாகத் தொடங்கிய நேர்மையான கடைக்கும் மூன்று வார வயதுதான் இருக்கும், அதனால் இளமை மட்டும் தவறாகாது. சொல்லும் வரலாறும் தேதியும் முரண்படுவதுதான் தவறு.

இந்தச் சோதனை சறுக்கும் இடங்கள் இரண்டு. பலரும் கடை நடத்தும் myshopify.com போன்ற ஒரு பொது மேடையின் கீழ் கடை இருந்தால், வரும் தேதி அந்த மேடையுடையது, கடையுடையது அல்ல. அடுத்தது, யாரோ பல ஆண்டுகள் நடத்திய தளத்தின் பெயரை அது காலாவதியாகும் முன்பே விலைக்கு வாங்கியிருந்தால் பழைய தேதி அப்படியே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க web.archive.org தளத்தில் அதே முகவரியை இட்டு, முந்தைய ஆண்டுகளில் அங்கே என்ன இருந்தது என்று பார்க்கலாம். போன ஆண்டு வரை யாரோ ஒருவரின் சமையல் வலைப்பூ, இப்போது திடீரென்று மிக்சிக் கடை என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, வரிப் பதிவேடு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மிக்சி போன்ற பொருளை விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்தே ஆக வேண்டும். "இந்தியா முழுவதும் இலவச டெலிவரி" என்று போட்டுவிட்டு எண் எதுவும் தராத கடையை அங்கேயே விட்டுவிடலாம். எண் தந்திருந்தால் அதன் அமைப்பே கொஞ்சம் பேசும். வடிவத்தைக் காட்ட ஒரு மாதிரி எண்:

```
33AAAAA0000A1Z9
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 27 மகாராஷ்டிரம். அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். அந்தப் பத்தில் நாலாவது எழுத்து P என்றால் தனிநபர், C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம். பக்கத்தில் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டுவிட்டு அந்த இடத்தில் P இருந்தால் எங்கோ இடிக்கிறது. கடைசி எழுத்து முன்னால் உள்ள பதினான்கிலிருந்தும் கணக்கிட்டு வருவது. இஷ்டத்துக்கு எழுதிய எண்ணில் அது பொருந்த முப்பத்தாறில் ஒரு வாய்ப்புதான் உண்டு.

விவரமான மோசடிக்காரர் எண்ணைக் கற்பனை செய்வதில்லை, வேறு ஒருவரின் பில்லிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அதனால் எண் செல்லுபடியாகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில், உள்நுழையாமலே, அந்த எண்ணை இட்டுப் பாருங்கள். உரிமையாளரின் சட்டப் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, இப்போது Active ஆக இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, தொழில் நடக்கும் இடம், என்ன தொழில் என்பதெல்லாம் வரும். நம் 899 ரூபாய்க் கடையின் எண்ணுக்குத் திருப்பூரில் கட்டட ஒப்பந்த வேலை செய்யும் ஒருவரின் பெயர் வருகிறது என்று வையுங்கள். அவருக்கும் மிக்சிக்கும் சம்பந்தமே இல்லை, தன் எண் அங்கே தொங்குவது அவருக்கே தெரிந்திருக்காது. திரையில் வந்த சட்டப் பெயரை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயர் மூன்றாவது பதிவேட்டில் தேவைப்படும். பணம் கட்டும் கட்டத்தில் கடை ஒரு கியூஆர் குறியையோ யுபிஐ முகவரியையோ தரும். முன்பெல்லாம் குறியை உருவாக்கியவர் வைத்த பெயரே திரையில் தெரிய வாய்ப்பு இருந்தது. 2025 ஜூன் 30க்குள், பணம் பெறுபவரின் பெயராக வங்கிப் பதிவில் உள்ள பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் உத்தரவிட்டது. அதனால் குறியை ஸ்கேன் செய்து தொகையும் போட்ட பிறகு, ரகசிய எண்ணைத் தட்டுவதற்கு முன் திரையில் வரும் பெயரில் ஒரு நொடி நில்லுங்கள். கடையின் பெயரோ ஜிஎஸ்டி தளத்தில் கண்ட சட்டப் பெயரோ வந்தால் சரி. இரண்டும் இல்லாமல் எந்தத் தொடர்பும் இல்லாத தனிநபர் ஒருவரின் பெயர் வந்தால், அது பெரும்பாலும் கமிஷனுக்காக யாரோ இரவல் கொடுத்த கணக்கு. என்னைக் கேட்டால், மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர் இதைப் பார்க்கட்டும். தளத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கணக்குக்கு மட்டும் ஆதாரும் பானும் கொடுத்த ஒரு மனிதர் வேண்டும்.

நல்ல கடைகள் பணப் பரிவர்த்தனை நிறுவனம் ஒன்றின் வழியே பணம் வாங்கும்போது கடைப் பெயருக்குப் பதில் அந்த நிறுவனத்தின் பெயர் வரலாம், அது இயல்பு. அந்த நிறுவனம் கடைக்காரரின் ஆவணங்களைப் பார்த்தே சேர்த்திருக்க வேண்டும். "கேட்வே வேலை செய்யவில்லை, வாட்ஸப்பில் குறி அனுப்புகிறோம்" என்று பேச்சு திரும்பினால், அந்தச் சரிபார்ப்பைத் தாண்டி உங்களை வெளியே அழைத்துப் போகிறார்கள் என்று பொருள். அங்கே நிறுத்திவிடுங்கள்.

பொருள் வந்த பிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்க அனுமதித்தால்தான் அது உண்மை. பெரும்பாலான கூரியர்களில் பணம் கொடுத்த பிறகே பெட்டி கைக்கு வரும். உள்ளே பழைய துணி இருந்தாலும் பணம் போய்விட்டது, கொண்டுவந்த பையனுக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை.

மூன்றும் பொருந்திய பிறகும் தரமற்ற பொருள் வரலாம். பதிவேடுகள் ஆள் யார் என்று சொல்லும், சரக்கு எப்படி என்று சொல்லாது. அதற்குத் தளத்தில் இன்னொன்றைத் தேடலாம். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக நுகர்வோர் விதிகளின்படி, சட்டப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அங்கே தந்த எண்ணுக்குப் பணம் கட்டும் முன்பே அழைத்து, வாரண்டி அட்டை பிராண்டுடையதா கடையுடையதா, பில்லில் என்ன பெயர் வரும் என்று கேளுங்கள். பில்லில் வரும் பெயரைத் தயங்காமல் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருந்தும் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டு நல்லது. பொருள் வரவில்லை என்று வங்கியில் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்கும் வழி அதில் உண்டு. யுபிஐயில் ரகசிய எண்ணை நீங்களே தட்டியதால், அனுப்பிய பணத்தை அப்படி எளிதில் இழுக்க முடியாது. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவல் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் வங்கிக்குத் தகவல் போனால் அதை முடக்கி வைக்க முடியும். நகர்ந்த பிறகு ஒவ்வொரு கணக்காகத் துரத்த வேண்டியிருக்கும்.