பகலில் சும்மா, ராத்திரியில் கண்விழிப்பு: பைண்டிங் மேசைக்கு என்ன ஆகிறது?

தர்மபுரியில் ஒரு ஆஃப்செட் அச்சகம். ஒரு பிரிண்டிங் மெஷின், பின்னால் ஒரு பைண்டிங் மேசை, அதில் நான்கு பெண்கள். போன சீசனில் ஒரு வாரம் அங்கே வேலைத் திட்டம் போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். திங்கட்கிழமை காலை போனால் பைண்டிங் பக்கம் நான்கு பேரும் பழைய கழிவுத் தாளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மாலை வரைக்கும் அதுதான் வேலை. அதே நான்கு பேர் புதன்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போகாமல் விடியற்காலை நான்கு மணி வரைக்கும் பில் புக்குக்குப் பின் அடித்தார்கள். முதலாளி ஆள் பற்றவில்லை என்றார், இன்னொரு பின்னடிக்கும் மெஷின் வாங்கப் போவதாகவும் சொன்னார். மேசையில் இருந்த மூத்த அக்கா மட்டும் என்னிடம் மெதுவாக, "வேலை ஒண்ணும் அதிகம் இல்ல சார், வர்ற நேரத்துக்கு வர மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

அந்த வாரம் கையில் ஐந்து ஜாப் இருந்தது. பிளேட் மாட்டுவது, வாஷ்-அப், இங்க் செட் பண்ணுவது எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் எழுதினேன்.

பரீட்சை கைடு: அச்சு 9, பைண்டிங் 6
கல்லூரி மலர்: அச்சு 8, பைண்டிங் 3
மாம்பழக்கூழ் கம்பெனி பிரோஷர்: அச்சு 5, மடிப்பு 1
பள்ளி டைரி: அச்சு 4, பைண்டிங் 7
பில் புக்: அச்சு 2, பைண்டிங் 5

பில் புக்குக்கு அச்சு இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஓசூர் கம்பெனிகளுக்குப் போவது வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று காப்பி. சேர்த்து, பர்ஃபரேஷன் அடித்து, பின் அடித்து, ஓரம் ஒட்டுவதற்குள் ஐந்து மணி நேரம் போய்விடும். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கம்பெனி பிரோஷர் இதற்கு நேர் எதிர், அச்சில் பாதி நாள் எடுத்துக்கொண்டு மடிப்பில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலாளியின் வழக்கம் பெரிய வேலையை முதலில் தள்ளிவிடுவது. அதனால் கைடு, மலர், பிரோஷர், டைரி, பில் புக் என்று மெஷினில் ஏறியது. கைடு அச்சில் ஒன்பது மணி நேரம் ஓடும்வரை பைண்டிங்கில் ஒன்றும் இல்லை. வேலை தொடங்கியதிலிருந்து மணிகளை எண்ணினால், 9லிருந்து 15 வரை கைடு பைண்டிங். மலர் வருவதோ 17ல், அது 20ல் முடிந்தது. பிரோஷர் 22ல் வந்து 23ல் முடிந்தது. டைரி 26ல்தான் வந்தது, ஏழு மணி நேர வேலை, 33 ஆகிவிட்டது. பில் புக் அச்சாகி 28லிருந்தே காத்துக்கிடந்தது, அது முடிய 38. ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலை என்றால் நான்காவது நாள் மாலை. கஸ்டமர் வியாழன் காலையில் கேட்டிருந்ததால்தான் மிச்ச எட்டு மணி நேரத்தை ராத்திரியில் ஓட்டினார்கள்.

பைண்டிங் வேலை மொத்தமே 22 மணி நேரம். மீதி 16 மணி நேரமும் அந்த நான்கு பேர் காத்திருந்தார்கள். இன்னொரு மெஷின் வாங்கியிருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து காத்திருக்கும்.

இந்த மாதிரி ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக இரண்டே நிலையில் ஓடும் வேலைக்கு 1954லேயே ஜான்சன் என்கிற கணிதக்காரர் ஒரு விதி கொடுத்துவிட்டார். எல்லா ஜாபின் இரண்டு நேரங்களையும் எழுதிப் பார்த்து, அதிலேயே ஆகச் சிறிய எண்ணைத் தேடுங்கள். அது அச்சு நேரமாக இருந்தால் அந்த ஜாப் வரிசையின் முன்பக்கம் போகும், பைண்டிங் நேரமாக இருந்தால் பின்பக்கம் போகும். அந்த ஜாபை அடித்துவிட்டு மீதியில் மறுபடி சிறிய எண்ணைத் தேடி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நடுவை நோக்கி நிரப்பிக்கொண்டே வாருங்கள். இரண்டு எண் சமமாக வந்தால் எதை எடுத்தாலும் முடியும் நேரம் மாறாது.

நம் ஐந்தில் ஆகச் சிறியது பிரோஷரின் மடிப்பு 1, அது கடைசி. அடுத்து பில் புக்கின் அச்சு 2, அது முதல். பிறகு மலரின் பைண்டிங் 3, கடைசிக்கு முந்தியது. டைரியின் அச்சு 4, இரண்டாவது. மிச்சம் கைடு, நடுவில். அப்படி ஓட்டினால் பில் புக் 2ல் மேசைக்கு வந்து 7ல் முடிகிறது. டைரி அதற்கு முன்பே, 6ல், தயார், 14ல் முடிகிறது. கைடு 15லிருந்து 21, மலர் 23லிருந்து 26, பிரோஷர் 28லிருந்து 29. மொத்தம் 29 மணி, புதன்கிழமை மாலை ஏழுக்கு ஷட்டர் இழுத்துவிடலாம். ஒன்பது மணி நேர வித்தியாசம், அதே ஆள், அதே மெஷின்.

இதற்குக் கீழே போக முடியுமா? முடியாது. அச்சு மட்டுமே 28 மணி நேரம், கடைசியாக அச்சாகும் ஜாப் எதுவானாலும் அதற்குப் பிறகு கொஞ்சமாவது மேசை வேலை இருக்கும், இருப்பதிலேயே குறைந்தது ஒரு மணி நேரம். எல்லா வாரமும் இப்படிப் பளிச்சென்று தெரியாது, ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் இந்த விதி தரும் வரிசையை மிஞ்ச இன்னொரு வரிசை கிடையாது.

ஏன் வேலை செய்கிறது என்று பார்க்க டைரியையும் கைடையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அச்சு சேர்த்து 13. கைடு முதலில் போனால் மேசை ஒன்பது மணி நேரம் காத்திருந்து, 15 வரை கைடு, 22 வரை டைரி. டைரி முதலில் போனால் நாலு மணி நேரத்தில் மேசைக்கு வேலை வந்துவிடுகிறது, அது 11 வரை ஓடுகிறது, கைடு 13ல் வந்து 19ல் முடிகிறது. அச்சில் சீக்கிரம் வெளியே வந்து மேசையை நெடுநேரம் பிடித்து வைப்பவை முன்னால் வர வேண்டும். அச்சில் இழுத்து மேசையில் சட்டென்று முடிபவை பின்னால் போக வேண்டும்.

இங்கே நிறைய பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று. "சரி, சின்ன வேலையை முதலில் போடணும், அவ்வளவுதானே" என்று அச்சு நேரத்தை மட்டும் பார்த்து பில் புக், டைரி, பிரோஷர், மலர், கைடு என்று ஏற்றுவார்கள். போட்டுப் பாருங்கள், 34 வரும். பழைய வழக்கத்தைவிடப் பரவாயில்லை, ஆனால் ஐந்து மணி நேரம் வீண், ஏனென்றால் ஆறு மணி நேர பைண்டிங் உள்ள கைடு கடைசியில் வந்து எல்லோரையும் பிடித்து வைக்கிறது.

இப்போது விதியின் குறை. இது மொத்தக் குவியலும் எப்போது முடியும் என்பதை மட்டும் பார்க்கும், எந்தக் கஸ்டமர் வாசலில் நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. பிரோஷர்காரர் திங்கட்கிழமையே வேண்டும் என்றால்? அதை முதலில் போட்டு, மற்ற நாலையும் விதியின் வரிசையிலேயே விடுங்கள். 31ல் முடியும். அதாவது அவருக்குக் கொடுத்த வாக்கின் விலை இரண்டு மணி நேரம். நான் இதை முதலாளிகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதற்காகத்தான். முதலில் விதிப்படி போடு, பிறகு அவசர ஜாபை முன்னால் நகர்த்து, எவ்வளவு கூடுகிறது என்று பார், அப்புறம் போனில் "சரி" சொல்.

இன்னொன்று, இங்க் காய்வது. அச்சு முடிந்ததும் மேசைக்குத் தூக்கிப் போக முடியாது. ஈரத்தோடு அடுக்கினால் மேல் தாளின் பின்பக்கம் கீழ்த் தாளின் மை ஒட்டிக்கொள்ளும், மடித்தால் மடிப்பு ஓரம் தேய்ந்து வெளுக்கும்; அடர்த்தியாக மை விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாலே தெரியும். எல்லா ஜாபும் ஒரே அளவு நேரம் காய்கிறதென்றால் வரிசை மாறவே மாறாது. நான்கு மணி நேரம் என்று வைத்தால் 29 என்பது 33 ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் ஆர்ட் பேப்பர் பிரோஷர் மட்டும் எட்டு மணி நேரம் கேட்கிறது, மற்றவை இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், சீசனில் ராத்திரி ஷிப்டும் ஓடுகிறது. முதலில் விதி தந்த வரிசையில் பிரோஷர் 28ல் அச்சாகி, 36 வரை காய்ந்து, 37ல் முடியும். இதற்கு வழி, காயும் நேரத்தை அச்சு, பைண்டிங் இரண்டிலும் கூட்டி எழுதிக்கொண்டு அதே விதியைப் போடுவது. பிரோஷர் 13, 9 ஆகிறது. கைடு 11, 8. மலர் 10, 5. டைரி 6, 9. பில் புக் 4, 7. வரிசை பில் புக், டைரி, பிரோஷர், கைடு, மலர் என்று மாறி 33ல் முடிகிறது. கூட்டிய எண்கள் வரிசையைக் கண்டுபிடிக்க மட்டும், மணி போடும்போது உண்மையான நேரத்தைத்தான் போட வேண்டும். இதை மறந்து நானே ஒருமுறை தப்பான தேதி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பகல் மட்டும் ஓடும் அச்சகம் என்றால் மெதுவாகக் காயும் ஜாபை மாலையில் முடிகிற மாதிரி வையுங்கள், ராத்திரி இலவசமாகக் காய்ந்துவிடும்.

விதி எங்கே உதவாது என்றால், நிறம் மாற்றும் நேரம் முந்தின ஜாபைப் பொறுத்து மாறும் இடத்தில். கறுப்புக்குப் பிறகு மஞ்சள் ஓட்ட ரோலர் கழுவும் நேரமும், மஞ்சளுக்குப் பிறகு கறுப்பு ஓட்டும் நேரமும் ஒன்றல்ல. அது பெரிய அளவில் இருந்தால் இந்தக் கணக்கு தோராயம்தான். அதேபோல கைடின் முதல் ஃபாரம் வந்ததுமே மடிக்க ஆரம்பித்துவிடும் அச்சகமென்றால், ஜாபை முழுசாகக் கைமாற்றுவதாக நினைக்கும் இந்த விதி உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

நேரத்தை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். ஸ்டாப்வாட்ச் தேவையில்லை. கைடு பைண்டிங் ஆறு என்று நான் எழுதியது உண்மையில் பத்து ஆனாலும் அது நடுவிலேயே நிற்கும். மலரின் பைண்டிங் கைடைவிட அதிகமானால்தான் இடம் மாறும். ஜாப் கார்டின் மூலையில் இரண்டு எண் எழுதினால் போதும். அச்சு நேரத்தை மெஷின்மேனிடம் கேளுங்கள், பைண்டிங் நேரத்தை முதலாளியிடம் கேட்காதீர்கள், மேசையில் இருக்கும் அக்காவிடம் கேளுங்கள். அந்த அச்சகத்தில் பில் புக்குக்கு முதலாளி சொன்னது இரண்டு மணி நேரம். ஐந்து என்று சொன்னது அந்த அக்காதான்.