எத்தனை செல்பி எடுத்தாலும் வொலட் அப் ஏன் ஏற்க மறுக்கிறது?

போனில் காசு அனுப்பவும் பெறவும் உதவும் வொலட் அப் ஒன்றில் கணக்குத் திறக்கும்போது "சரிபார்ப்பு தோல்வியடைந்தது, மீண்டும் முயலவும்" என்று வந்தால், அநேகமாக எல்லோரும் இன்னொரு செல்பி எடுப்பார்கள். தலையை வாரி, கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் பார்த்து எடுத்தாலும் திரும்ப அதே வசனம்தான் வரும். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் நான்கு தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. செல்பிக்கு அவற்றில் இரண்டோடுதான் சம்பந்தம். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த அளவில், கோளாறு பெரும்பாலும் முகத்தில் இல்லை, லமினேட் செய்த பழைய அடையாள அட்டையில்தான் இருக்கிறது.

முதலில் அட்டையின் படம் தெளிவாக இருக்கிறதா என்று போனே பார்க்கிறது. அடுத்து, படத்திலுள்ள எண்ணையும் பிறந்த திகதியையும் மென்பொருள் வாசித்து, நீங்கள் கொடுத்த விவரத்தோடு ஒப்பிடுகிறது. மூன்றாவதாக, கமராவுக்கு முன்னால் இருப்பது உயிருள்ள ஆளா, இல்லை இன்னொரு திரையில் காட்டிய படமா என்று சோதிக்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்வதும் தலையைத் திருப்பச் சொல்வதும் இதற்காகத்தான். கடைசியாக செல்பியையும் அட்டையில் உள்ள முகத்தையும் பொருத்திப் பார்க்கிறது. நேரில் வராத வாடிக்கையாளரை இப்படிச் சரிபார்ப்பதற்கு மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2020இல் வழிகாட்டல் வெளியிட்டது. ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவோடு மின்னணு முறையில் ஒப்பிடுவதும் அதில் அடங்கும். நான்கில் ஒன்று தவறினாலும் விடை "தோல்வி"தான்.

எது தவறியது என்று அப் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. "முகம் 34 வீதம் பொருந்தியது" என்று சொன்னால், திருடிய அட்டையை வைத்திருப்பவன் படத்தைக் கொஞ்சம் மாற்றி, மதிப்பெண் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே உள்ளே வந்துவிடுவான். அதனால் நேர்மையான ஆளும் இருட்டில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் மறுப்பு வருகிறது என்பதைக் கவனித்தால் காரணத்தை ஓரளவு பிடித்துவிடலாம். அட்டையைக் காட்டும்போதே படம் பிடிபடாமல் திரையில் அட்டையைச் சுற்றிய சட்டம் சிவப்பாகவே நின்றால், படத்தின் தெளிவுதான் பிரச்சினை. தலையைத் திருப்பச் சொல்லும் இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றால், உயிர்ச் சோதனை. அதையும் தாண்டி, "பரிசீலிக்கிறோம்" என்று வந்து சில நொடிகளில் மறுத்தால், விவரமோ முகமோ பொருந்தவில்லை. சில மணி நேரம் கழித்து எஸ்எம்எஸ் வந்தால், அநேகமாக ஒரு மனிதர் பார்த்து மறுத்திருக்கிறார்.

கொக்குவிலில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கியூஆர் மூலம் காசு அனுப்பக் கேட்கிறார்கள் என்று வொலட் திறக்கப் பார்த்தார், நடக்கவில்லை. அவருடைய அட்டை பழையது, லமினேட் விளிம்பில் மஞ்சள் ஏறியிருந்தது. கடை மேசையில் அட்டையை வைத்து, மேலே எரிந்த ரியூப் லைட்டின் கீழ் படம் எடுத்துக்கொண்டிருந்தார். லமினேட் பிளாஸ்டிக் வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சம் நேராக மேலே திரும்பி, அங்கே இருக்கும் கமராவுக்குள்ளேயே போகும். படத்தில் எண்ணின் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருந்ததற்கு அதுதான் காரணம். அதே அட்டையை விறாந்தையில், பக்கவாட்டில் இருந்து பகல் வெளிச்சம் விழும்படி வைத்து, பிளாஷை நிறுத்தி எடுத்தால், திரும்பும் வெளிச்சம் மற்றப் பக்கமாகப் போய்விடும், கமராவுக்கு வராது.

தூரமும் முக்கியம். அட்டையில் அச்சிட்ட முகத்தில் இரண்டு கண்களுக்கும் இடையே 6 மில்லிமீற்றர் இருக்கிறது, அட்டையின் அகலம் 80 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1600 பிக்சல் அகலமான படத்தை அட்டை முழுவதுமாக நிரப்பினால் ஒரு மில்லிமீற்றருக்கு 20 பிக்சல், கண்களுக்கிடையே 120 பிக்சல் கிடைக்கும். தூரத்தில் பிடித்து அட்டை பாதி அகலத்துக்கு வந்தால் அது 60 ஆகிவிடும். கடவுச்சீட்டு முகப்படங்களுக்கான சர்வதேசத் தரத்தில் கண்களுக்கிடையே குறைந்தது 90 பிக்சல் வேண்டும் என்று கேட்கிறார்கள். அப் அவ்வளவு கண்டிப்பாக இல்லாவிட்டாலும், சட்டத்தை அட்டையால் நிரப்பச் சொல்வது சும்மா இல்லை.

சரி, விறாந்தையில் எடுத்த படத்தை அப் ஏற்றது. அடுத்த திரையில், அட்டையிலிருந்து வாசித்த விவரங்களை அதுவே நிரப்பிக் காட்டியது. பெரும்பாலானவர்கள் இந்தத் திரையைப் பார்க்காமலே "அடுத்து" என்று அழுத்திவிடுவார்கள். உண்மையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அக்கா பிறந்தது 1978 செப்டெம்பர் 14, திரையில் இருந்தது ஜூன் 6. பால் என்ற இடத்தில் ஆண் என்று இருந்தது.

இது எப்படி வந்தது என்பதை எண்ணே சொல்லிவிடும். நம் பழைய அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள். செப்டெம்பர் 14 இந்தக் கணக்கில் 258ஆவது நாள், 500 கூட்டினால் 758. ஆக அக்காவின் எண் 78758 என்று தொடங்குகிறது. லமினேட்டுக்குள் மை மங்கிப்போய் 7இன் மேல்கோடு தேய்ந்திருந்தது. மென்பொருள் அதை 1 என்று வாசித்தது, 758 என்பது 158 ஆனது. 500க்குக் குறைந்ததால் ஆண், 158ஆவது நாள் என்பதால் ஜூன் 6. ஒரே ஒரு இலக்கம்தான். அதைக் கவனிக்காமல் அழுத்தியிருந்தால், செல்பி எடுக்க முன்னரே அந்த விண்ணப்பம் முடிந்திருக்கும்.

உங்கள் எண்ணை நீங்களே கணக்குப் பார்க்க விரும்பினால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்த முறையில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள். சாதாரண நாட்காட்டியில் 1978 செப்டெம்பர் 14 என்பது 257ஆவது நாள், அட்டையில் 258. பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்கள் ஒரு நாள் கூடுதலாக வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 2016இலிருந்து வரும் 12 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக முழுமையாக இருக்கும். திரையில் தவறான திகதி வந்தால், அதைக் கையால் திருத்த அப் விட்டால் திருத்துங்கள். விடாவிட்டால் அட்டையைத் திரும்பப் படமெடுக்க வேண்டியதுதான்.

அக்கா திருத்தினார். தலையைத் திருப்பி, சிமிட்டி, உயிர்ச் சோதனையும் தாண்டினார். பிறகு சில நொடிகளில் மறுப்பு வந்தது. இனி மிச்சம் இருந்தது முகம்.

"அக்கா, இந்தக் காட் எப்ப எடுத்தது?"

"ஓ.எல். சோதினைக்கு எடுத்தது தம்பி. அந்தப் படத்தைப் பாத்தா என்ர மகள் எண்டுதான் சொல்லுவினம்."

முகம் பொருத்தும் மென்பொருள் நாம் பார்ப்பதுபோல் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரங்கள் என்ற ஐந்து புள்ளிகளைக் கண்டுபிடித்து, முகம் நேராக நிற்கும்படி படத்தைத் திருப்பி, சின்னச் சதுரமாக வெட்டுகிறது. பரவலாகப் பயன்படும் முறைகளில் அந்தச் சதுரம் 112க்கு 112 பிக்சல்தான். அதை நரம்பு வலையமைப்பு எனப்படும், உதாரணங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு மென்பொருளுக்குள் அனுப்பினால் எண்களின் வரிசை ஒன்று வரும். கூகிள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற வலையமைப்பில் 128 எண்கள், பின்னர் வந்த பலவற்றில் 512. இந்த எண்களில் மூக்கு நீளம், கண் அகலம் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. இலட்சக்கணக்கான முகங்களைக் காட்டி, ஒரே ஆளின் படங்களுக்கு நெருக்கமான வரிசையும் வேறு ஆட்களுக்கு விலகிய வரிசையும் வரும்படி வலையமைப்பைப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் வரும். ஒரே படம் என்றால் 1, சம்பந்தமில்லாதவர்கள் என்றால் 0க்குக் கிட்ட.

இடையில் ஓர் எல்லைக்கோடு வேண்டும். உதாரணத்துக்கு அது 0.40 என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் எடுத்த அட்டைப் படத்தோடு இன்றைய செல்பி 0.65 பெறலாம். வருடம் கூடக்கூட மதிப்பெண் இறங்கும். 16 வயதுப் படத்துக்கும் 40 வயதைத் தாண்டிய முகத்துக்கும் இடையில் எலும்பும் தசையும் தோலும் மாறிவிடுகின்றன. அதோடு லமினேட்டின் மங்கல், அச்சின் புள்ளிகள், சின்னதான பழைய படம் எல்லாம் சேர்ந்து 0.34க்கு இறக்கினால், அது அவரே என்றாலும் மறுப்புத்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றினாலும், இன்னும் நல்ல வெளிச்சத்தில் நின்றாலும் செல்பியின் பக்கம்தான் கொஞ்சம் தெளியும். மற்றப் பக்கத்தில் அந்தப் பழைய படம் அப்படியேதான் இருக்கும்.

அப்படியென்றால் கோட்டை 0.30க்கு இறக்கினால் என்ன? அக்கா உள்ளே வந்துவிடுவார். ஆனால் உடன்பிறந்தவர்களுக்கு அந்நியரைவிட மதிப்பெண் பொதுவாகவே கூடுதல். கோட்டை இறக்க இறக்க, தங்கையின் அட்டையோடு அக்காவோ, தொலைந்த அட்டையோடு ஓரளவு முகச்சாயல் உள்ள யாரோ ஒருவரோ கணக்குத் திறக்கும் வாய்ப்புக் கூடும். பணம் புழங்கும் இடம் என்பதால் நிறுவனங்கள் கோட்டை உயரத்தில் வைக்கின்றன, பழைய அட்டை வைத்திருப்பவர்கள் அதில் அடிபடுகிறார்கள். என் கருத்தில், இப்படிப்பட்டவர்களை மென்பொருள் மறுத்துத் துரத்தாமல், தானாகவே மனிதப் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். மேசையில் இருக்கும் ஒருவர், பழைய படமென்று தெரிந்துகொண்டு காதையும் மச்சத்தையும் பார்த்து, வீடியோ அழைப்பில் இரண்டு கேள்வி கேட்டு முடிவெடுக்கலாம்.

அதுவரை அக்கா போன்றவர்களுக்கு வழி, ஒப்பிடும் படத்தை மாற்றுவதுதான். அப் சாரதி அனுமதிப்பத்திரத்தையோ கடவுச்சீட்டையோ ஏற்குமானால், அவற்றில் உள்ள படம் புதியதாக இருக்கும். இல்லையென்றால் புதிய அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோ அதை இணையம் வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டுத் தரும். முகத்தின் அளவு, பின்னணி, வெளிச்சம் எல்லாம் அங்கே தரப்படி இருப்பதால், பிறகு எந்த அப்பிலும் பொருத்துவது சுலபம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு தோல்வியும் பதிவாகிறது. ஒரே போனில் இருந்து அடுத்தடுத்துத் தோல்வி வந்தால், யாரோ திருட்டு அட்டையோடு முயல்கிறார்கள் என்று அமைப்புக் கருதி, அந்த எண்ணையோ போனையோ சில மணி நேரத்துக்கு, சில வேளை நிரந்தரமாகவே முடக்கலாம். அப்புறம் நல்ல படம் கொடுத்தாலும் ஒப்பிடாமலே மறுப்பு வரும். மகளின் போன், பக்கத்துக் கடைக்காரரின் போன் என்று மாற்றி மாற்றி முயன்றால் சந்தேகம் இன்னும் கூடும். இரண்டு தடவை அதே இடத்தில் மறுத்தால் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்: எந்தத் திரைக்குப் பிறகு மறுத்தது, எத்தனை மணிக்கு, அட்டை எந்த ஆண்டு எடுத்தது என்று. கூடவே, முயற்சி எண்ணிக்கையை மீளமைத்து, கையால் பரிசீலிக்கும்படி கேளுங்கள். அவர்களுடைய பதிவில் உங்கள் விண்ணப்பம் எந்தச் சோதனையில் விழுந்தது என்பது இருக்கும். உங்களிடம் மதிப்பெண்ணைச் சொல்லமாட்டார்கள், ஆனால் வேறு ஆவணம் கொண்டு வாருங்கள் என்றாவது சொல்ல முடியும்.