கிரையப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால்

பட்டா மாறுதல் மனு தள்ளுபடியான உத்தரவோடு ஒரு விவசாயி என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் சர்வே எண் 84/2பி-யில் 40 சென்ட் வாங்கி, வேலி போட்டு, மோட்டார் வைத்து விவசாயம் செய்துவருகிறார். பத்திரத்திலோ 84/2ஏ என்று இருக்கிறது. பக்கத்து நிலமான அதுவும் விற்றவருடையதுதான். அவருடைய மூலப் பத்திரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது உட்பிரிவு மாறிவிட்டது. கையெழுத்துப் போட்ட இருவருமே கவனிக்கவில்லை.

விற்றவர் உயிரோடு இருந்தால் இது ஒரு நாள் வேலை. இருவரும் சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் பதிந்தால் முடிந்தது. இங்கே விற்றவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் கையெழுத்துக்குப் பணம் கேட்டார்கள்.

இந்த நிலைமைக்குத்தான் 1963-ஆம் ஆண்டு குறித்தவகை பரிகாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறாலோ, மோசடியாலோ பத்திரம் அவர்களின் உண்மையான எண்ணத்தைக் காட்டாமல் போனால், அதைத் திருத்தச் சொல்லி வழக்குப் போடலாம். விற்றவரின் வாரிசுகள் மீதும் போடலாம். ஆனால் ஒருவர் மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்து, மற்றவர் எழுதியபடியேதான் விற்றார் என்றால் இந்தப் பிரிவு உதவாது.

எங்களுக்குக் கைகொடுத்தது 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய பழைய கிரைய ஒப்பந்தம். அதில் 84/2பி என்று தெளிவாக இருந்தது. கிரையப் பத்திரத்தின் நான்கு எல்லைகளும், வடக்கே வண்டிப்பாதை உட்பட, புலப்படத்தில் 2பி-க்கே பொருந்தின. எழுத்துப் பத்திரத்துக்கு மாறாக வாய்ச்சாட்சி கூடாது என்பது பொது விதி. தவறு, மோசடி இரண்டும் அதற்கு விதிவிலக்கு என்பதால் சாட்சிகளையும் விசாரிக்க முடிந்தது.

விவசாயிக்காக முன்பு தாக்கலான பிராதில், நிலம் அவருடையது என்று அறிவிக்கும் விளம்புகையும், அதில் யாரும் தலையிடாமல் தடுக்கும் உறுத்துக்கட்டளையும் மட்டுமே கேட்டிருந்தார்கள். வக்கீல்கள் நாங்களே அடிக்கடி செய்யும் பிழை இது. 'பத்திரத்தைத் திருத்த வேண்டும்' என்று தனியாகக் கேட்காமல் நீதிமன்றம் அந்தப் பரிகாரத்தைத் தராது. நல்லவேளை, எந்தக் கட்டத்திலும் பிராதைத் திருத்த அதே பிரிவு அனுமதிக்கிறது. தவறு தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷம்தான் காலவரையறை. பட்டா உத்தரவு வந்து எட்டு மாதமே ஆகியிருந்ததால் தப்பித்தோம்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. வில்லங்கச் சான்றை சர்வே எண் வைத்துத்தான் தேடுகிறார்கள். 2பி-க்குப் போட்டால் என் கட்சிக்காரரின் பத்திரம் வராது. பிள்ளைகள் அதை நம்பும் ஒருவருக்கு நிலத்தை விற்றிருந்தால், விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையைப் பாதிக்கும்படி பத்திரத்தைத் திருத்த முடியாது. வேலியும் மோட்டாரும் கண்ணுக்குத் தெரிந்ததால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. வெறும் மனையாக இருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

குறுக்கு விசாரணையில் மூத்த மகனிடம் ஒன்றே கேட்டேன்: "2ஏ-யில் இப்போது யார் பயிர் செய்கிறார்கள்?" "நாங்கள்தான்" என்றார்.