ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் மூச்சு?

நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கண் நேரே சதவீதத்துக்குப் போகும். 83 என்றால் நிம்மதி, 74 என்றால் கவலை. நான் முதலில் பார்ப்பது மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் உயரத்தைத்தான். அது தப்பாக இருந்தால், அதற்குக் கீழே அச்சாகியிருக்கும் சதவீதம் எதுவும் அந்த ஆளுடையது அல்ல.

பரிசோதனையில் நடப்பது எளிது. மூச்சை முழுக்க இழுத்து, குழாய்க்குள் ஒரே மூச்சாக, கடைசிச் சொட்டுக் காற்றும் போகும்வரை ஊதுகிறோம். வெளிவந்த மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடிக்குள் வந்த பகுதி எஃப்.இ.வி.1. இரண்டையும் கருவி லிட்டரில் அளக்கிறது. இதுவரை உயரத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஒருவர் 3.30 லிட்டர் ஊதினால், அவர் குட்டையோ நெட்டையோ, அது 3.30 லிட்டர்தான்.

கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. 3.30 லிட்டர் போதுமா? ஆரோக்கியமான ஒரு குள்ளமான பெண்ணுக்கு அது தாராளம். ஆறடி இளைஞனுக்கு அது நோயின் அறிகுறி. ரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல எல்லோருக்கும் பொதுவான ஒரு வரம்பு நுரையீரலுக்குக் கிடையாது. அதனால் கருவி, இதே பாலினம், இதே வயது, இதே உயரம் கொண்ட ஆரோக்கியமானவர்கள் சராசரியாக எவ்வளவு ஊதுவார்கள் என்று ஒரு சமன்பாட்டில் கணக்கிட்டு, அதோடு நம் ஊதலை ஒப்பிடுகிறது. சதவீதம் பிறப்பது அந்த ஒப்பீட்டில். கணக்குக்குள் போகும் மூன்றில் வயதும் பாலினமும் அநேகமாகத் தவறுவதில்லை. தவறுவது உயரம்.

உயரம் ஏன் இவ்வளவு கனமான இடத்தைப் பிடித்தது? நுரையீரல் மார்புக்கூட்டை நிறைத்துக்கொண்டு இருக்கிறது. கூடு பெரிதானால் அதுவும் பெரிது. ஒரு பெட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் 10 சதவீதம் கூட்டினால் அதன் கொள்ளளவு 33 சதவீதம் கூடும். மனிதர்கள் அப்படி அச்சில் வார்த்த பெட்டிகள் அல்ல. நெட்டையானவரின் கூடுதல் உயரத்தில் ஒரு பங்கு காலில் இருக்கிறது, காலில் நுரையீரல் இல்லை. மார்பின் அகலமும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே நுரையீரல் கொள்ளளவு உயரத்தின் மூன்றாம் அடுக்கோடு அல்லாமல், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலான ஓர் அடுக்கோடு ஏறுகிறது. சுருக்கமாக, உயரத்தில் 1 சதவீதப் பிழை எதிர்பார்ப்பில் இரண்டரை சதவீதப் பிழை.

எடையைக் கேட்கிறார்களே, அது ஏன் சமன்பாட்டில் இல்லை என்று சிலர் வியப்பார்கள். கொழுப்பு கூடினால் நுரையீரல் பெரிதாகாது. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் காற்று குறையத்தான் செய்யும். எடைக்கேற்ப எதிர்பார்ப்பை உயர்த்தினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்த உறவை முதலில் பெரிய அளவில் அளந்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர். தானே வடிவமைத்த ஸ்பைரோமீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, 1846-ல் முடிவை வெளியிட்டார். ஐந்தடியிலிருந்து ஆறடி வரை, ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் 8 கன அங்குலக் காற்று கூடுகிறது என்றார். இன்றைய அலகில் மாற்றினால் சென்டிமீட்டருக்குச் சுமார் 52 மில்லிலிட்டர். தண்ணீரில் மிதக்கும் வாளியும் எடைக்கல்லும் கொண்ட கருவி அது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த சமன்பாட்டைப் பாருங்கள். ஐரோப்பிய நிலக்கரி எஃகு சமூகம் 1993-ல் வெளியிட்ட, வயதுவந்த ஆண்களுக்கான எஃப்.வி.சி. கணக்கு இது. H மீட்டரில் உயரம், A ஆண்டில் வயது.

```
FVC = 5.76 × H − 0.026 × A − 4.34
```

சென்டிமீட்டருக்கு 57.6 மில்லிலிட்டர். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக நிற்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இப்போது பல இடங்களில் இதற்குப் பதில், 2012-ல் வந்த உலகளாவிய சமன்பாடுகளோ அவற்றுக்கும் பிந்தியவையோ புழக்கத்தில் உள்ளன. அவற்றில் மடக்கையும் வளைகோடுகளும் உண்டு. கையால் போட்டுப் பார்க்கப் பழையதே வசதி, உயரம் செய்யும் வேலையும் இரண்டிலும் ஒன்றுதான்.

45 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உண்மையான உயரம் 165 செ.மீ. அளக்காமல் கேட்டார்கள், அவர் 'ஐந்தடி எட்டு' என்றார், 173 என்று பதிவானது. அவர் ஊதியது 3.30 லிட்டர், அதில் முதல் நொடியில் 2.70.

173-ஐப் போட்டால் எதிர்பார்ப்பு 4.45 லிட்டர். அவர் அதில் 74 சதவீதம். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் எந்த அளவுக்கு மேலே இருப்பார்களோ அதுவே இயல்பின் கீழ் எல்லை. இந்தச் சமன்பாட்டில் அது எதிர்பார்ப்புக்குச் ஒரு லிட்டர் கீழே, அதாவது 3.45. ஆள் எல்லைக்கு வெளியே. முதல் நொடிக் காற்றும் அதன் எதிர்பார்ப்பில் 74 சதவீதம், அதுவும் எல்லைக்குக் கீழே. ஆனால் 2.70-ஐ 3.30-ஆல் வகுத்தால் 0.82, காற்றுக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. அடைப்பில்லாமல் மொத்தக் காற்று மட்டும் குறைந்திருப்பதைப் படிக்கிறவர், நுரையீரல் விரிய முடியாமல் சுருங்கியிருக்கலாம் என்று எழுதுவார். அடுத்து சி.டி. ஸ்கேன், நுரையீரல் தழும்பு நோய் பற்றிய பேச்சு, தூக்கமில்லாத சில வாரங்கள்.

165-ஐப் போடுங்கள். எதிர்பார்ப்பு 3.99. அவர் 83 சதவீதம், கீழ் எல்லை 2.99, தாராளமாக உள்ளே. முதல் நொடிக் காற்றும் 82 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. நோயாளி அதே ஆள், ஊதலும் அதே ஊதல்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அந்த 0.82. அந்த விகிதம் ஒரே ஊதலின் இரண்டு அளவுகளை வகுத்துப் பெறுவது, உயரம் அதைத் தொடவே இல்லை. அதற்கான எதிர்பார்ப்பு மதிப்பும் உயரத்தோடு லேசாகத்தான் அசையும். அதனால் உயரப் பிழை ஆஸ்துமா போன்ற அடைப்பு நோயைப் புதிதாக உண்டாக்குவது அரிது. அது போடுகிற வேஷம் சுருக்க நோயின் வேஷம்: இரண்டு சதவீதங்களும் ஒரே அளவு இறங்கி நிற்கும், விகிதம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். உண்மையான சுருக்க நோயும் இப்படியேதான் தெரியும் என்பதுதான் சிக்கல். எண்களை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆளை அளந்தே ஆகவேண்டும்.

சந்தேகம் வந்தால் நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளந்து உறுதிசெய்யலாமே என்று தோன்றும். அந்தப் பரிசோதனையின் எதிர்பார்ப்பும் உயரத்திலிருந்துதான் வருகிறது. அதே 173 அங்கேயும் தட்டச்சானால், பொய்சாட்சியையே இரண்டாவது முறை கூண்டில் ஏற்றியதாகிவிடும்.

தவறு எங்கிருந்து நுழைகிறது? கேட்டு எழுதுவதிலிருந்து, முக்கியமாக. பலர் இளமையில் அளந்த உயரத்தையே, அதுவும் கொஞ்சம் தாராளமாகச் சொல்வார்கள். செருப்போடு நிற்கவைத்தால் மேலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர். எனக்குப் பிடிக்காத பிழை அடி, அங்குலத்தை மாற்றும்போது வருவது. 'ஐந்தடி எட்டு' என்பதை 5.8 என்று எழுதி, அதை 30.48-ஆல் பெருக்கினால் 176.8 வரும், சரியானது 172.7. இதுவாவது நான்கு சென்டிமீட்டர். 'ஐந்தடி பத்து' 5.10 ஆகி, அந்தச் சுழியத்தைக் கணக்கிடும் கருவி மதிக்காவிட்டால் 177.8 இருக்கவேண்டிய இடத்தில் 155.4 உட்காரும். அப்போது நோயுள்ள நுரையீரலும் 110 சதவீதம் என்று பாராட்டு வாங்கலாம்.

சரியாக அளந்தும் தவறும் இடம் ஒன்று உண்டு. 68 வயதுப் பெண்மணி, இளமையில் 155 செ.மீ. எலும்பு தேய்ந்து, முதுகு கூன்விழுந்து இப்போது நேரே அளந்தால் 148. ஊதியது 1.45 லிட்டர். பெண்களுக்கான இதே வரிசைச் சமன்பாட்டில் 148-க்கு எதிர்பார்ப்பு 1.90, ஆகவே 76 சதவீதம், கீழ் எல்லை 1.19-க்கு மேலே, 'இயல்பு'. 155-க்கோ எதிர்பார்ப்பு 2.21, ஆகவே 66 சதவீதம், எல்லை 1.50-க்குக் கீழே. கூன் அவருடைய மார்புக்கூட்டை நெருக்கிக் காற்றைக் குறைத்தது, அதே கூன் உயரத்தையும் குறைத்து அளவுகோலையும் சுருக்கிவிட்டது. திருடனே கணக்கப்பிள்ளையாகவும் இருந்தால் கல்லாவில் குறைவு தெரியாது.

இப்படி வளைந்த முதுகுக்கும், நிற்க முடியாதவர்களுக்கும் கைவீச்சை அளக்கிறார்கள். சுவரோடு முதுகு ஒட்டி, இரு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை. கை எலும்புகள் முதுகெலும்பைப்போலச் சரிந்து குறைவதில்லை, இழந்த உயரத்தின் நினைவு அவற்றில் மிச்சமிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை அப்படியே உயரமாகப் போட்டுவிடக் கூடாது. பெரியவர்கள் பலருக்குக் கைவீச்சு உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதல், அதை உயரமாக மாற்ற விகிதமோ சமன்பாடோ தேவை. அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதால், நிமிர்ந்து நிற்கக்கூடியவருக்கு நேரடி அளவே மேல்.

நேரடியாக அளப்பதற்கும் முறை இருக்கிறது. காலணி இல்லாமல், பாதங்கள் சேர்ந்து, முதுகு சுவரோடு ஒட்டி, முடிந்தவரை நிமிர்ந்து, கண் நேர்ப்பார்வையில். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-ல் வெளியிட்ட நெறிமுறை இதைத்தான் சொல்கிறது. 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு, அதே இடத்தில் ஓராண்டுக்குள் நம்பகமாக எடுத்த அளவு இருந்தால் அதையே பயன்படுத்தலாம் என்றும் சலுகை தருகிறது.

அந்தச் சலுகை குழந்தைகளுக்குக் கிடையாது, காரணம் எளிது. போன வருடம் 120 செ.மீ. உயரத்தில் 1.40 லிட்டர் ஊதிய ஆஸ்துமாக் குழந்தை, அப்போது அது சரியாக 100 சதவீதம் என்று வையுங்கள். இந்த வருடம் 126 செ.மீ. வளர்ந்துவிட்டது, ஊதியது மீண்டும் 1.40. மென்பொருள் பழைய உயரத்தைத் தானாக நிரப்பி வைத்திருக்க, யாரும் மாற்றவில்லை. வயது செய்யும் சிறு திருத்தம் தவிர அறிக்கை மறுபடி 100-ஐ ஒட்டியே காட்டும், மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்வார்கள். உண்மையில் 5 சதவீதம் உயர்ந்த உடலின் நுரையீரல் சுமார் 12 சதவீதம் பெருத்திருக்க வேண்டும், எதிர்பார்ப்பு 1.57. குழந்தை 89-க்கு இறங்கியிருக்கிறது. வளரும் வயதில் லிட்டர் அப்படியே நிற்பதே பின்னடைவு.

நல்ல வேளையாக, உயரம் தப்பு என்று தெரிந்தால் யாரையும் திரும்ப ஊதவைக்கத் தேவையில்லை. ஊதிய லிட்டர்கள் கருவியில் பத்திரமாக இருக்கின்றன. உயரத்தைத் திருத்தினால் சதவீதங்கள் புதிதாகக் கணக்காகி வரும். அந்தப் பழைய எண் முந்தைய எத்தனை அறிக்கைகளில் படியெடுக்கப்பட்டிருக்கிறது என்று தேடி, அவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் நேரம் பிடிக்கிற வேலை.