ஒற்றை டிக் எப்போது விழ வேண்டும்?

ஒரு மருந்துக் கடைக்குச் சாட் வசதி செய்து கொடுத்திருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் லிப்ட்டில் இறங்கிக்கொண்டே, "இன்சுலின் வேண்டாம், வீட்டில் இருக்கிறது. மாத்திரை மட்டும் அனுப்புங்கள்" என்று தட்டியிருக்கிறார். ஒற்றை டிக் விழுந்தது. கடைக்காரருக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. இன்சுலினும் சேர்ந்தே போயிற்று. டிக்கை நம்பியவர் மீது தவறில்லை. அதைப் போட்ட எங்கள் நிரல்தான் பொய் சொன்னது.

வெப்சாக்கெட்டில் `send()` பிழையின்றி முடிந்தவுடன் நாங்கள் டிக் போட்டிருந்தோம். ஆனால் `send()` செய்வதெல்லாம் செய்தியைப் போனுக்குள்ளேயே அனுப்பும் வரிசையில் வைப்பதுதான். லிப்ட்டுக்குள் சிக்னல் போனபோது இணைப்பு செத்துவிட்டது; ஆனால் அது செத்த சேதியைச் சொல்ல இரு பக்கமும் ஆள் இல்லை. பதில் வராத தரவை லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் ஏறக்குறைய 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் கைவிடும். அதுவரை `readyState` 1, அதாவது இணைப்பு திறந்தே இருக்கிறது, என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே டிக் போடும் உரிமையை எதிர்முனைக்குக் கொடுத்தோம். சர்வர் செய்தியைத் தரவுத்தளத்தில் எழுதி முடித்துப் பதில் அனுப்பினால் ஒற்றை டிக். பெறுபவரின் செயலி அதைத் தன் சேமிப்பில் எழுதிவிட்டுச் சொன்னால் இரட்டை டிக். நோட்டிபிகேஷன் போய்விட்டது என்பதற்காக இரட்டை டிக் போடக் கூடாது. ஒற்றை டிக் விழும்வரை செய்தி அனுப்புபவரின் போனிலேயே, செயலியை மூடித் திறந்தாலும் அழியாத இடத்தில், கடிகாரக் குறியோடு காத்திருக்கும்.

இதைச் செய்ததும் அடுத்த சிக்கல் வந்தது. செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால் போன் மறுபடி அனுப்பும். "இரண்டு அட்டை அனுப்புங்கள்" என்பது இருமுறை வந்தால் கடைக்காரர் நான்கு அட்டை கட்டுவார். இதற்கு மருந்து, செய்தியைத் தட்டும்போதே போன் அதற்கு ஓர் அடையாள எண் கொடுப்பது. `crypto.randomUUID()` போதும். மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்தான் போக வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உருவாக்கிவிடுகிறார்கள். அனுப்புநரும் இந்த எண்ணும் சேர்ந்தது ஒருமுறைதான் இருக்கலாம் என்று தரவுத்தளத்திலேயே தடை போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் சர்வர் பிழை சொல்லக் கூடாது. பழைய செய்திக்கான பதிலையே மறுபடி தர வேண்டும்.

இணைப்பு திரும்பியதும் விட்டுப்போனவற்றை எப்படி வாங்குவது? போன் கடிகாரத்தை நம்பி "10:42-க்குப் பிறகு வந்தவை" என்று கேட்காதீர்கள். உரையாடலுக்கு உரையாடல் வரிசை எண் வையுங்கள். "என்னிடம் 57 வரை இருக்கிறது" என்று போன் சொல்லட்டும். தரவுத்தளம் தானாகத் தரும் தொடர் எண்ணை இதற்குப் பயன்படுத்தி நாங்கள் பட்டோம். 58-ஐ வாங்கிய செய்தி எழுதி முடியத் தாமதமாக, 59 முந்திக்கொண்டது. அந்த இடைவெளியில் கேட்ட போன் 59-ஐப் பெற்றுக்கொண்டு, அடுத்த முறை 59-க்குப் பிறகுதான் கேட்டது. 58 அதன் கண்ணில் படவே இல்லை. இப்போது எண்ணை இப்படி எடுக்கிறோம்:

```sql
UPDATE chats SET last_seq = last_seq + 1
WHERE id = $1 RETURNING last_seq;
```

செய்தியை எழுதுவதும் இதே டிரான்சாக்‌ஷனுக்குள். அது முடியும்வரை அந்த உரையாடலின் அடுத்த செய்தி காத்திருக்கும் என்பதால் எண்கள் முந்துவதில்லை. இரட்டைச் செய்தி தடையில் மோதினால் எண்ணும் சேர்ந்தே பின்வாங்கும்; நடுவில் ஓட்டை விழாது. அதனால் 57-க்கு அடுத்து 59 நேரடியாக வந்தால், போன் உடனே 58-ஐக் கேட்டு வாங்கலாம்.

செத்த இணைப்பைக் கண்டுபிடிக்க, போன் 25 விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்புகிறது. 10 விநாடியில் பதில் இல்லையென்றால் பழைய இணைப்பு முறைப்படி மூடக் காத்திராமல் புதிதாக ஒன்றைத் திறக்கிறது. தோற்றால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி கூடி 30-இல் நிற்கும். அதோடு கொஞ்சம் தற்செயல் தாமதமும் சேர்க்க வேண்டும், இல்லையேல் சர்வர் மீண்டதும் எல்லாப் போன்களும் ஒரே நொடியில் வந்து மோதும்.

சோதிக்கும்போது ஏரோபிளேன் மோடை மட்டும் நம்பாதீர்கள். அதில் நெட்வொர்க் போய்விட்டதைப் போனே உடனே அறிந்துகொள்கிறது. சோதனை சர்வரில், போன் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதை இட்டு, சத்தமில்லாமல் அறுத்துப் பாருங்கள்:

```
sudo iptables -I INPUT -s 192.168.1.20 -j DROP
```

பிறகு மூன்று செய்தி அனுப்புங்கள். மூன்றிலும் கடிகாரக் குறிதான் நிற்க வேண்டும். தடையை நீக்கியதும் எதிர்ப்பக்கம் மூன்றே மூன்று, அனுப்பிய வரிசையில் வர வேண்டும்.