அறுபதுக்கு மேல் இலகு வேலை: “உங்களுக்கு இபிஎஃப், சொக்சோ கிடையாது” என்றால் நம்பாதீர்கள்

முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டியவருக்கு அறுபது வயதில் தோளும் முட்டியும் தேய்ந்திருக்கும், வீட்டுச் செலவு மட்டும் குறைந்திருக்காது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்களை நர்சரியில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும், கடையில் காவலுக்கு ஜாகாவாக உட்காரவும் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதே ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறார்கள்: “ஐயா, உங்களுக்கு அறுபது தாண்டியாச்சு. இபிஎஃப், சொக்சோ எல்லாம் இனிமே கிடையாது. கையில வாங்கிக்குங்க.”

அறுபது என்பது ஓய்வு வயது மட்டும்தான். அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் குடிமகனுக்கு முதலாளி, சம்பளத்தில் 4 விழுக்காட்டைச் சேமநிதியான இபிஎஃப்பில் கட்டியாக வேண்டும். சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவில் வேலையிட விபத்துக்கான பாதுகாப்பு தொடர்கிறது. அதற்குச் சுமார் 1.25 விழுக்காடு, அதையும் முதலாளியே கட்டவேண்டும். தொழிலாளியின் பங்கு இந்த இரண்டிலும் இல்லை. நீங்களாக இபிஎஃப்பில் கட்ட விரும்பிக் கேட்டிருந்தால் தவிர, இந்த இரண்டுக்கென்று உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடித்திருந்தாலும் தவறு. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல்வயது வரம்பே இல்லை. மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கும் இது பொருந்தும்.

62 வயதுப் பெரியவர் ஒருவர் நர்சரியில் தினம் ஐந்து மணி நேரம், மாதம் 26 நாள் வேலை செய்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 130 மணி. 8.72ஆல் பெருக்கினால் 1,133 ரிங்கிட் 60 சென். “அரை நாள் வேலைதானே” என்று 700 கொடுத்தால் மாதம் 433 ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. சட்டப்படி முதலாளி கூடுதலாகக் கட்ட வேண்டியது இபிஎஃப்புக்குச் சுமார் 45, சொக்சோவுக்குச் சுமார் 14 ரிங்கிட். இந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்கத்தான் அவ்வளவு பொய்.

பலர் விழுகிற இன்னொரு குழி, வேலை நடக்கும் இடம். தனியார் வீட்டுக்குத் தோட்டக்காரராகவோ ஜாகாவாகவோ போனால் சட்டம் உங்களை வீட்டுப் பணியாளராகப் பார்க்கிறது. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தாது, இபிஎஃப் கட்டாயமும் இல்லை. சொக்சோ மட்டும் 2021 முதல் உண்டு. நர்சரிக்கென்று சேர்த்துவிட்டு முதலாளியின் பங்களாவில் புல் வெட்டச் சொல்வது நடக்கிற காரியம். அதனால் வேலைக் கடிதத்தில் கம்பெனியின் பெயரும் வேலை இடமும் இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் உங்களைக் குத்தகைக்காரர் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குத்தகைக்காரருக்கு இந்தச் சலுகைகள் கிடையாது.

விபத்து நடந்தால்தான் உண்மையான அநியாயத்தைப் பார்க்கலாம். ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தவரிடம், “கிளினிக்ல வீட்ல விழுந்தேன்னு சொல்லுங்க, செலவை நான் பாத்துக்கறேன்” என்பார்கள். சொல்லாதீர்கள். டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரிதான் பிறகு சான்று. வேலையிடத்தில் விழுந்தேன் என்று நேரத்தோடு சொல்லி, அப்படியே பதியச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் தரும் எம்சி விடுப்பு நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால் சொக்சோவிலிருந்து தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும், நாளுக்கு 30 ரிங்கிட்டுக்குக் குறையாது. வேலையிட விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போகும் வழியில் மோட்டார்சைக்கிள் விபத்து நடந்தாலும் இது பொருந்தும்.

புகார் கொடுக்கப் போனால் அலையவிடுவார்கள். சம்பளக் குறைவுக்கு லேபர் ஆபிஸ், 4 விழுக்காட்டுக்கு இபிஎஃப், விபத்துக்கு சொக்சோ என்று மூன்று கவுண்டர். ஒன்றில் கேட்டால் அடுத்ததைக் காட்டுவார்கள். வயதானவரை இப்படி ஓடவைப்பதில் யாருக்கும் வெட்கமில்லை. ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துக்குரிய புகாரை மட்டும் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், புகார் எண் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். “வயசாயிடுச்சே, விட்டுடுங்க” என்று யாராவது சொன்னால் அதையும் எழுதித் தரக் கேளுங்கள்.

கையில் காசு வாங்குகிறவருக்கு ஆதாரம்தான் பிரச்சினை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை எல்லாம் குறிக்கத் தொடங்குங்கள். முதலாளி அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டும் கேளுங்கள், அதைக் கொடுப்பது அவர் கடமை. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அவர் இபிஎஃப் கட்டியாக வேண்டும். அந்தத் தேதி தாண்டியதும் பிள்ளைகளை விட்டு இபிஎஃப்பின் இணையக் கணக்கான உங்கள் KWSP i-Akaun கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலாளியின் பங்கு ஏறவில்லையென்றால் உடனே கேளுங்கள்.