காற்றாலையைப் பிரிக்கும் செலவு எந்த வருடத்துக் கணக்கு?

குத்தகை நிலத்தில் காற்றாலை நிறுவும் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும்: குத்தகை முடிந்ததும் கோபுரத்தைப் பிரித்து, அடித்தளக் கான்கிரீட்டை எடுத்து, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். தணிக்கையில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

"அது இருபது வருஷம் கழித்து வரும் செலவு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள். ஆனால் கோபுரம் எழுந்த அன்றே கடமை பிறந்துவிடுகிறது. அதை ஏற்காமல் அந்த நிலத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட எடுக்க முடியாது. ஆகவே பிரிக்கும் செலவும் காற்றாலையின் அடக்கவிலையில் ஒரு பகுதிதான். இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 16 அதைச் சொத்தின் விலையில் சேர்க்கச் சொல்கிறது. இண்ட் ஏஎஸ் 37 அதே தொகையைப் பொறுப்பாகக் காட்டச் சொல்கிறது. கடைசி வருடத்தில் மட்டும் எழுதினால், இருபது வருட வருமானத்துக்கான செலவு வருமானமே இல்லாத வருடத்தின் தலையில் விழும்.

ஒரு கணக்கு பார்ப்போம். இன்று பிரித்தால் 15 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால் 20 வருடத்தில் அது சுமார் 39.8 லட்சம். அதை 8% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 8.54 லட்சம். இதுதான் சொத்திலும் பொறுப்பிலும் ஏறும் தொகை. சொத்துப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 43 ஆயிரம் தேய்மானம். பொறுப்புப் பக்கம் முதல் வருடம் 68 ஆயிரம் வட்டி ஏறும், கடைசி வருடம் 2.95 லட்சம். இந்த வட்டி நிதிச் செலவு. சொத்தின் விலையில் சேர்க்கக் கூடாது. இருபதாவது வருட முடிவில் பொறுப்பு சரியாக 39.8 லட்சத்தில் வந்து நிற்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு இது: விலைவாசியைச் சேர்க்காமல் இன்றைய 15 லட்சத்தையே 20 வருடம் கழித்து வரும் தொகையாக எடுத்து, 8% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விடை 3.22 லட்சம், பொறுப்பு பாதிக்கும் கீழே. அந்த 8% வட்டிக்குள் விலைவாசி உயர்வும் அடங்கியிருக்கிறது. தொகையில் விட்டுவிட்டு விகிதத்தில் மட்டும் வைக்க முடியாது. கணக்குத் தாளில் பணவீக்க வரியே இல்லையென்றால் உடனே சந்தேகப்படலாம்.

இன்னொன்று, "பழைய இரும்பு விற்றாலே செலவு ஈடாகிவிடும்" என்ற வாதம். இரும்பு விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பொறுப்பிலிருந்து கழிக்க இண்ட் ஏஎஸ் 37 அனுமதிப்பதில்லை. அது ஆயுள் முடிவில் சொத்துக்குக் கிடைக்கும் எச்ச மதிப்பில் வர வேண்டிய விஷயம்.

சரி, பத்தாவது வருடத்தில் மதிப்பீடு மாறினால்? செலவோ வட்டி விகிதமோ மாறுவதால் வரும் வித்தியாசத்தை, மறுமதிப்பீடு செய்யாமல் அடக்கவிலை முறையில் இருக்கும் சொத்தானால், லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோகாமல் சொத்திலேயே கூட்டியோ கழித்தோ மீதி வருடங்களுக்குத் தேய்மானம் போட வேண்டும். கழிக்க வேண்டிய தொகை சொத்தின் ஏட்டு மதிப்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் லாபத்துக்குப் போகும்.